தவளை, சைக்கிள், பாலம், அலை

அலுவலகத்தில் அவளுக்கு நிதானம் என்று பெயர். வைத்தவன் பக்கத்து இருக்கைக்காரன். பதிலுக்கு அவள் அவனுக்கு மின்னல் என்று பெயர் வைத்தாள். இரண்டு பெயர்களும் தளம் முழுக்கப் பரவி, மேற்பார்வையாளரே அப்படித்தான் கூப்பிடுகிற நிலைக்கு வந்துவிட்டன. இருவருக்கும் ஒரே வேலை: ஒரு சமூக ஊடகத்தில் யாராவது புகார் செய்த பின்னூட்டத்தைப் படித்து, அது இருக்கலாமா, நீக்க வேண்டுமா என்று தீர்மானிப்பது. ஒரு புகாரை நிதானம் முடிப்பதற்குள் மின்னல் நான்கைந்தை முடித்துவிட்டுக் கழுத்தைச் சொடுக்கிக்கொள்வான்.

மதிய இடைவேளையில் அவள் தன் பெட்டகத்தைத் திறந்து கைபேசியை எடுத்தாள். வேலைத்தளத்துக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. மற்றவர்களின் அந்தரங்கம் திரையில் ஓடுகிற இடம் அது. தங்கையிடமிருந்து ஒரு செய்தி: கத்தி, வெங்காயம், சவப்பெட்டி. எல்லாம் எமோஜிப் படங்கள், எழுத்து ஒன்றும் இல்லை.

"யாரு, கொலை மிரட்டலா?" என்று எட்டிப் பார்த்தான் மின்னல்.

"தங்கச்சி. இன்னிக்கு அவ வீட்டுல சமையல். சீக்கிரம் வந்து வெங்காயம் வெட்டலைன்னா என்னை வெட்டுவாளாம்."

"நம்ம ஃபில்ட்டர் பார்த்தா உன் தங்கச்சியை உள்ள தள்ளிடும்."

"தள்ளாது. அதுக்கு இதெல்லாம் கண்ணுக்கே தெரியாது" என்றாள். சிரிப்பாகச் சொன்னதுதான். அது எவ்வளவு உண்மை என்பது அன்று பிற்பகல் அவளுக்கே தெரியவந்தது.

பிற்பகலில் தணிக்கை வேலை அவள் முறை. ஏற்கெனவே மூடப்பட்ட புகார்களிலிருந்து இயந்திரம் கைக்கு வந்தபடி சிலவற்றை எடுத்துத் தரும். தீர்ப்பு சரிதானா என்று இன்னொருவர் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கொட்டாவி வரவழைக்கும் வேலை. மூன்றாவதாக வந்த பின்னூட்டத்தில் நான்கு படங்கள் இருந்தன. தவளை, சைக்கிள், பாலம், அலை. கீழே: மீறல் இல்லை. அதற்கும் கீழே சிறிய எழுத்தில்: முன்பு தீர்க்கப்பட்டதன் பிரதி.

அதோடு, புகார் செய்தவர் எழுதிய குறிப்பும் இருந்தது. குறிப்பு எழுதும் கட்டம் கட்டாயமில்லை. பத்தில் ஒருவர்தான் அதை நிரப்புவார். பிரதி என்று மூடப்படும் புகாரில் அந்தக் குறிப்பு யார் கண்ணிலும் படாது. 'இது மூன்றாவது தடவை. என்னைப் பற்றித்தான் போடுகிறார்கள். மனிதர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்களா?'

நிதானம் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டாள்.

பிரதி என்றால் மூலம் இருக்க வேண்டும். மூலத்தைத் திறந்தாள். அதே பக்கத்தில், அதற்கு முன்னால் இடப்பட்ட வேறொரு பின்னூட்டம்: தவளை, கிரீடம், கத்தி. தீர்ப்பு வழங்கியவர் இடத்தில் மின்னலின் குறியீட்டு எண்.

"இங்க பாரு. இதை நீதானே விட்டே?"

மின்னல் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். "ஆமா. கத்தி இருக்குன்னு யாரோ புகார் குடுத்திருந்தாங்க. எழுதின பொண்ணோட பேரைப் பிடிச்சுப் போய்ப் பார்த்தேன். அந்த வீடியோக்காரங்களோட சித்தி பொண்ணு. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி இப்படித்தான் கலாய்ச்சுக்கிறாங்க. நானே பார்த்துத்தான் விட்டேன், தாயே. வேகமா பண்றவன்னா கண்ணை மூடிக்கிட்டுப் பண்றவன்னு நினைக்காத."

"நீ விட்டது சரி. இதையும் விட்டியா?" அவள் நான்கு படங்களைக் காட்டினாள்.

அவன் சிறிது நேரம் பார்த்தான். "இது என் கண்ணுலயே படலையே."

"உன் பேர்லதான் மூடியிருக்கு."

"சத்தியமா படலை."

அவள் அந்தப் பக்கத்தில் பிரதி என்று மூடப்பட்ட எல்லாவற்றையும் வரவழைத்தாள். திரை நிரம்பியது. தவளை, கோமாளி. தவளை, வாணலி, நெருப்பு. தவளை, சைக்கிள். தவளை, சைக்கிள், கண்கள். ஒன்றுக்கொன்று ஒட்டாத படவரிசைகள். அத்தனைக்கும் மூலமாகக் காட்டப்பட்டது சித்தி மகளின் கிரீடமும் கத்தியும்தான். ஓர் அன்பான கேலிக்குக் கொடுத்த அனுமதி, அவளை அறியாத யார் யாருக்கோ கைமாறியிருந்தது.

ஃபில்ட்டரை, அதாவது பின்னூட்டங்களைச் சலிக்கும் அந்த வடிகட்டி மென்பொருளை, எழுதிய பொறியாளர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பான். அவனுக்குச் சல்லடை என்று பெயர். முகம் கோணாமல் ஏற்றுக்கொண்டவன். தன் தேநீர்க் கோப்பையிலேயே அதை எழுதி வைத்திருந்தான்.

"இந்த ரெண்டும் எப்படிப்பா ஒண்ணாகும்?" என்று கேட்டாள் நிதானம்.

சல்லடை திரையைப் பார்த்தான். பிறகு கோப்பையைக் கீழே வைத்தான். "அக்கா, விளம்பரம் அடிக்கிறவன் என்ன பண்ணுவான் தெரியுமா? ஒரே வரியை ஆயிரம் இடத்துல போடுவான். பிடிச்சிடக் கூடாதுன்னு ஒண்ணுல பூ, ஒண்ணுல நட்சத்திரம், ஒண்ணுல ராக்கெட்டுன்னு நடுவுல சொருகுவான். அதனால ஒப்பிடுறதுக்கு முன்னாடி எழுத்து இல்லாத எல்லாத்தையும் துடைச்சிடுவோம். மிச்சம் இருக்கிற எழுத்து ஒண்ணா இருந்தா, பிரதி."

"இதுல எழுத்தே இல்லையே."

"அதான்." அவன் நெற்றியைத் தேய்த்தான். "துடைச்சா ஒண்ணுமே மிஞ்சாது. ஒண்ணுமில்லாததும் ஒண்ணுமில்லாததும் ஒண்ணுதானே. ஒரே பக்கத்துல படம் மட்டும் வர்ற எல்லா கமெண்டும் அதுக்கு ஒரே வெத்துத் தாள். முதல் தாளுக்கு என்ன தீர்ப்போ, அதுவே எல்லாத்துக்கும்."

"புகாருக்கு முன்னாடியே உன் ஃபில்ட்டர் பார்த்திருக்கணுமே?"

"பார்த்திருக்கும். ஆபத்துக்கு மதிப்பெண் கம்மியா போட்டிருக்கும். அது படிச்சுக் கத்துக்கிட்டது முக்கால்வாசி வார்த்தை, அக்கா. கெட்ட வார்த்தை, மிரட்டுற வார்த்தை. தவளை கோடிக்கணக்கான இடத்துல வருது, சைக்கிளும் வருது, எல்லாம் நல்ல இடத்துல. இந்த வரிசை இதுக்கு முன்னாடி உலகத்துலயே வந்திருக்காது. அதோட, அது ஒவ்வொரு கமெண்டையும் தனியாத்தான் எடுத்துப் பார்க்கும். மேல யாரு என்ன பேசினாங்க, அந்தம்மா யாரு, இதெல்லாம் அதுக்குத் தெரியாது."

"அப்போ தெரிஞ்சவங்கதான் படிக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் தன் இருக்கைக்குத் திரும்பினாள்.

அவள் முதலிலிருந்து தொடங்கினாள். அந்தப் பக்கம் ஒரு நீச்சல் பயிற்சியாளருடையது. குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுப்பவர். பழைய காணொளி ஒன்றில் குளத்தின் ஓரத்தில் குப்புறப் படுத்து, கால்களை மடக்கி விரித்துக் காட்டுகிறார். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அதன் கீழே சித்தி மகள் எழுதியிருந்தாள்: 'எங்க வீட்டுத் தவளை ராணி வாழ்க.' கிரீடம் அங்கிருந்து வந்தது. அடுத்த காணொளியில் ராணி பதில் சொல்லவில்லை என்று சித்தி மகள் கத்தியைக் காட்டியிருந்தாள். பயிற்சியாளர் நாக்கை நீட்டும் முகத்தைப் போட்டிருந்தார். இருவரும் பல மாதங்களாக இப்படித்தான். அங்கே தவளை ஒரு செல்லப்பெயர்.

பின்னர், சில வாரங்களுக்கு முன்பு, பயிற்சியாளர் ஒரு நீண்ட பதிவு எழுதியிருக்கிறார். தன் நீச்சல் சங்கத்தின் தலைமைப் பயிற்றுநர், சொன்னபடி நீந்தாத குழந்தைகளின் தலையைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்துத் தண்டித்ததைத் தான் நேரில் பார்த்ததாகவும், சங்கத்திடம் எழுத்துப்பூர்வமாகச் சொல்லிவிட்டதாகவும். பயிற்றுநரை இடைநீக்கம் செய்திருந்தார்கள். அந்தப் பதிவின் கீழேதான் தவளை இடம் மாறியது. அவரை அறியாதவர்கள், பயிற்றுநரின் புகைப்படங்களுக்கு விருப்பம் இட்டவர்கள், சித்தி மகளின் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். தவளை, கோமாளி. தவளை, வாணலி. அன்புள்ளவர் வைத்த பெயரைக்கொண்டே ஒருவரைக் காயப்படுத்துவது எளிது. காயப்பட்டவர் அதை யாரிடம் காட்டினாலும் 'இதுல என்ன இருக்கு?' என்பார்கள்.

கோமாளியும் வாணலியும் ஏளனம். திரும்பத் திரும்ப, ஒரே ஆளைக் குறிவைத்து வருவதால் துன்புறுத்தல் என்று நீக்கலாம். அதில் அவளுக்குத் தயக்கமில்லை. அவளை நிறுத்தியது சைக்கிள்.

பயிற்சியாளரிடம் சைக்கிள் இருந்தது. ஒரு புகைப்படத்தில் கூடையில் ஈரத்துண்டோடு நின்றது. பின்னால் கால்வாய், மேலே ஒரு குறுகிய பாலம். 'வகுப்பு முடிஞ்சு வீட்டுக்குப் போற வழி. இந்தக் காத்துக்கே சம்பளம் குடுக்கலாம்' என்று எழுதியிருந்தார். புகைப்படம் இப்போதும் பொதுப் பார்வையில் இருந்தது.

நிதானம் நேர்மையாக இன்னொரு பக்கத்தையும் தேடினாள். தான் ஒரு முடிவுக்கு ஆசைப்படுகிறோமோ என்ற சந்தேகம் அவளுக்கு எப்போதும் உண்டு. ஆசைப்படுகிற கண்ணுக்கு எல்லாமே சாட்சியாகத் தெரியும். தேடியதில் ஒன்று கிடைத்தது. தவளை, சைக்கிள், பாலம், இதயம். அதுவும் பிரதி என்று மூடப்பட்டதுதான். எழுதியவர் ஒரு மாணவனின் அம்மா. முந்தைய பின்னூட்டங்களில், தண்ணீருக்குப் பயந்த தன் மகன் இப்போது குளத்தைவிட்டு வர மறுப்பதாக நன்றி சொல்லியிருக்கிறார். 'எங்க பையன் உங்களை தவளை மிஸ்னுதான் சொல்றான், கோச்சுக்காதீங்க.' பயிற்சியாளர் அதற்குச் சிரித்திருக்கிறார். முதல் மூன்று படங்கள் அப்படியே அவைதான். இதை நீக்கினால் அநியாயம்.

ஆகவே படங்களை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. சொன்னவன் யார், யாரிடம், எதற்குப் பிறகு என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அலை போட்டவனின் கணக்கைத் திறந்தாள். பயிற்சியாளரோடு ஒருபோதும் பேசியதில்லை. நீச்சல் பதிவு ஒன்றுகூட இல்லை. முதல் பின்னூட்டம் கோமாளி. பிறகு சைக்கிள். பிறகு சைக்கிளும் கண்களும், அதாவது பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிறகு பாலம். கடைசியில் அலை. ஒவ்வொரு முறையும் ஒரு படம் கூடிக்கொண்டே வந்தது. அதே வரிசையை இன்னும் இரண்டு கணக்குகள் திருப்பிப் போட்டிருந்தன. அதில் ஒன்று இன்று காலை, அலைக்குப் பின்னால் ஒரு கடிகாரத்தைச் சேர்த்திருந்தது. கடிகாரத்தின் முள் ஆறு மணியைக் காட்டியது.

சங்கத்தின் பக்கத்தில் வகுப்பு அட்டவணை இருந்தது. இன்றைக்குச் சின்னக் குழந்தைகள் வகுப்பு. முடிவது ஆறு மணிக்கு.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றே முக்கால்.

மேற்பார்வையாளரை எல்லோரும் அண்ணா என்றுதான் அழைப்பார்கள். தன் அறையில் மூன்று திரைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். மோசமான மனிதர் அல்ல. மேலிடத்துக்குப் பதில் சொல்லிப் பழகியவர்.

"அண்ணா, இதை உயிராபத்துப் பிரிவுக்கு அனுப்பணும்."

அவர் படித்தார். படிப்பதற்கு நான்கு படங்கள்தான். "என்னம்மா இது, குழந்தைங்க அட்டை மாதிரி இருக்கு."

"அதுதான் அவங்களுக்கு வசதி."

"எங்க மிரட்டல்? கொள்கையில என்ன இருக்கு? ஆளைக் குறிப்பிடணும், செய்யப் போறது தெரியணும். இவன் நீச்சல்காரிக்கு அலை போட்டிருக்கான். அலை போடுறது தப்பா?"

"தவளைன்னா அவங்கதான்னு மூணு பேரும் முன்னாடியே காட்டிட்டாங்க. அப்போ ஆள் தெரியுது. பாலம், அவங்க தினம் போற பாலம். கடிகாரம், வகுப்பு முடியற நேரம்."

"செய்யப் போறது?"

"பாலத்துக்கு அடுத்து தண்ணி, அண்ணா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதைத் தூக்கிட்டுப் போனா அவங்க என்னைத்தான் கேப்பாங்க. போன மாசம் நீ அனுப்பின பட்டாசுக் கேஸ் ஞாபகம் இருக்கா? கல்யாண வாழ்த்து. ரெண்டு நாள் கேலி பண்ணாங்க. உன் எண்ணிக்கையும் இன்னிக்கு இன்னும் பாதிகூட வரலை. கமெண்டை எடுத்துடு, ஏளனம்னு போடு, கணக்கை எச்சரி. போதும்."

"எடுத்துட்டா அவன் வீட்டுக்குப் போயிடுவானா?"

"நிதானம்..."

"ஆமா, நிதானமாத்தான் சொல்றேன். பட்டாசு தப்பு, நான் அன்னிக்கு அவங்க பழைய பேச்சைப் பார்க்காம அனுப்பினேன். இது அப்படி இல்லை. எனக்கு அரை மணி நேரம் குடுங்க. வார்த்தையில ஒண்ணு கிடைச்சா அனுப்புவீங்களா?"

"கிடைச்சா அனுப்பறேன்" என்றார் அவர். கிடைக்காது என்று நினைத்தாரோ, கிடைக்கட்டும் என்று நினைத்தாரோ.

வெளியே வந்தபோது மின்னல் தன் வரிசையை நிறுத்திவைத்துவிட்டுக் காத்திருந்தான். "என் பேர்ல மூடியிருக்கு. நான் சும்மா உக்காந்திருக்க முடியுமா? எந்தக் கணக்கு எனக்கு?"

"நீ கடிகாரம் போட்டவனைப் பாரு. நான் அலைக்காரனைப் பார்க்கறேன். மூணாவதை யார் முதல்ல முடிக்கிறாங்களோ அவங்க."

"அப்போ மூணாவதும் எனக்குத்தான்."

இருவரும் படித்தார்கள். மற்றவர்கள் எழுதியதை இப்படி வரிசையாகப் படிக்கும்போது ஒரு மனிதனின் சலிப்பு, கோபம், பசி எல்லாம் தெரிந்துவிடும். அலைக்காரன் பைக்குகளை விற்பதும் வாங்குவதும் பற்றி எழுதுகிறான். ஒரு பூனை வளர்க்கிறான். பூனைப் புகைப்படங்களில் அவனுக்குக் கெட்ட எண்ணம் இருப்பதாக யாராலும் சொல்ல முடியாது. நிதானத்துக்கு ஒரு கணம் கை தயங்கியது. பூனை வளர்ப்பதும் மிரட்டுவதும் ஒரே ஆளுக்கு இயலும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேலே போனாள்.

"ஏய்" என்றான் மின்னல், குரலைத் தாழ்த்தி. "இங்க வா."

அது வேறொரு பக்கம். இடைநீக்கம் செய்யப்பட்ட பயிற்றுநருக்கு ஆதரவாக யாரோ தொடங்கியது. சில நாட்களுக்கு முந்தைய ஒரு பேச்சு. ஒருவன் கேட்கிறான்: 'அந்தம்மா எந்த வழியா போவா?' இன்னொருவன் ஒரு புகைப்படத்தைப் பகிர்கிறான்: கூடையில் துண்டோடு சைக்கிள், பின்னால் பாலம். கடிகாரக்காரன் அதன் கீழே எழுதியிருந்தான்: 'அந்தப் பாலத்துக் கைப்பிடி இடுப்பு உசரம்தான்.' அதற்கு அலைக்காரன் ஒரே ஒரு படம் போட்டிருந்தான். அலை.

இதில் ஒரு வசைச் சொல்லும் இல்லை. கைப்பிடியின் உயரம் ஒரு தகவல். நகராட்சிக்காரர் ஒருவர்கூட அப்படி எழுதலாம். வடிகட்டி அதற்குப் பூச்சியத்துக்குப் பக்கத்தில் ஒரு மதிப்பெண் போட்டிருக்கும். யாரும் புகாரும் செய்யவில்லை. ஆனால் அங்கே சொன்னதையும் இங்கே போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாக்கியம் முடிந்துவிட்டது.

"நீ வேகமா படிக்கிறது ஒரு நாளாவது பிரயோஜனமாச்சு" என்றாள் அவள்.

"அதை எழுதிக் குடு, சட்டகம் போட்டு மாட்டறேன்."

மேற்பார்வையாளர் இரண்டு திரைக்காட்சிகளையும் நின்றுகொண்டே பார்த்தார். அதன்பின் உட்காரவில்லை. "எழுது. நான் கையெழுத்துப் போடறேன்."

உயிராபத்துப் பிரிவு வேறு நகரத்தில் இருந்தது. அங்கிருப்பவர்களுக்கு இந்தப் பாலம் தெரியாது, பயிற்சியாளரைத் தெரியாது, இந்த மொழியே பாதிப்பேருக்குத் தெரியாது. எழுதுவது எல்லாம் அந்தக் கட்டத்துக்குள் அடங்க வேண்டும். நிதானம் முதலில் எழுதியதை அழித்தாள். அதில் கோபம் அதிகம் இருந்தது. இரண்டாவது முறை பெயரடைகளை எல்லாம் எடுத்துவிட்டு எழுதினாள். தவளை என்பது இந்த நபரைக் குறிக்கும், ஆதாரம் இது. பாலம் அவர் செல்லும் வழி, ஆதாரம் இது. கைப்பிடி பற்றிய வரி மூன்று கணக்குகளில் ஒன்று எழுதியது, இணைப்பு இது. கடிகாரம் ஆறு காட்டுகிறது; வகுப்பு ஆறுக்கு முடிகிறது; தேதி இன்று. கடைசியாக ஒரு வரி: 'இதே படங்களை அன்போடு பயன்படுத்தும் இருவர் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்கள்மீது நடவடிக்கை வேண்டாம்.' அந்த வரிக்கு இடம் போதவில்லை. வேறொரு வரியைச் சுருக்கி அதற்கு இடம் செய்தாள்.

சிறிது நேரத்தில் அங்கிருந்து ஒரு பெண் அழைத்தாள். அண்ணாவின் அறைத் தொலைபேசியில் நிதானம்தான் பேசினாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

"விளையாட்டுக்குப் போட்டிருக்க வாய்ப்பு இருக்கா?"

"இருக்கு. அவங்களுக்குள்ள அது விளையாட்டா இருக்கலாம். ஆனா அந்தம்மாவுக்கு இல்லை. அவங்க மூணு தடவை புகார் குடுத்திருக்காங்க. விளையாட்டுன்னா ரெண்டு பக்கமும் சிரிக்கணும்."

மறுமுனையில் தட்டச்சு செய்யும் சத்தம். "அவங்க வழியை இவங்க வேணும்னே தேடியிருக்காங்கன்னு சொல்றீங்க."

"கேட்டே தேடியிருக்காங்க. அந்தக் கேள்வியும் இணைப்புல இருக்கு."

"சரி. உடனடி ஆபத்துன்னு எடுத்துக்கறோம். மூணு கணக்கையும் முடக்கி, விவரத்தை அங்க இருக்கிற காவல்துறைக்குக் குடுக்கறோம். அவங்க வேகம் எங்க கையில இல்லை."

"என்ன ஆச்சுன்னு சொல்வீங்களா?"

"பொதுவா சொல்றதில்லைங்க" என்றாள் அந்தப் பெண். மன்னிப்புக் கேட்கும் குரல் அது.

நிதானம் இருக்கைக்கு வந்தாள். பயிற்சியாளரின் எண் திரையில் இல்லை. இருந்தாலும் அழைக்கக் கூடாது. கைபேசியோ பெட்டகத்தில். புகாருக்கான பதிலையாவது அனுப்பலாம் என்று திறந்தாள். தயாராக இருந்த வாசகங்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 'உங்கள் புகாரை மறுபரிசீலனை செய்தோம்' என்று ஒன்று இருந்தது. கீழே, மேற்பார்வையாளர் அனுமதியோடு ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். யாரும் சேர்ப்பதில்லை.

"அண்ணா, ஒரு வரி."

"என்ன வரி?"

"'மனிதர்கள் படித்தோம். இன்று வேறு வழியில், துணையோடு செல்லுங்கள்.'"

அவர் யோசித்தார். "முதல் பாதி பரவாயில்லை. ரெண்டாவது பாதிக்கு மேலிடத்துல கேக்கணும்."

"கேட்டு வர்றதுக்குள்ள ஆறு ஆயிடும்."

அண்ணா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தானே விசைப்பலகையை இழுத்து அனுமதிக் குறியை அழுத்தினார். "அப்புறம் கேட்டா நான் சொல்லிக்கறேன்."

மாலையில் தங்கை வீட்டில் வெங்காயம் வெட்டும்போது அவள் கண் கலங்கியதற்கு யாரும் காரணம் கேட்கவில்லை. "கத்தி காட்டினாத்தான் வருவியா நீ?" என்று மட்டும் கேட்டாள் தங்கை. ஆறு மணியைக் கடந்து வெகு நேரம் ஆகியிருந்தது.

மறுநாள் அவள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தாள். வரிசையைத் திறந்ததும் முதலில் நின்றது ஒரு மேல்முறையீடு. இயந்திரம் தானாக மறைத்த ஒரு பின்னூட்டத்தை, அதை எழுதியவர் திரும்பக் கேட்கிறார். தவளை, கிரீடம், கத்தி.

பயிற்சியாளர் காலையில் ஒரு புகைப்படம் போட்டிருந்தார். அதே சைக்கிள்; இம்முறை பின்னிருக்கையில் அவருடைய அப்பா, கால்களைத் தரையில் தேய்த்தபடி. 'நேத்து ஒரு பதில் வந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன், பெரிய ரோடு வழியா போனோம். அரை மணி நேரம் கூடுதல், வழி முழுக்க அவரோட அறிவுரை. போலீஸ்காரங்க ரெண்டு பேர் சங்கத்துக்கு வந்து விசாரிச்சாங்க. பாலத்துல யாராச்சும் இருந்தாங்களான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க ஆசையும் இல்லை. இன்னிக்கும் வகுப்பு உண்டு, குழந்தைகளை அனுப்புங்க.'

அதன் கீழே சித்தி மகள் அதே பழைய மூன்று படங்களைப் போட்டிருக்கிறாள். 'என்னைக் கூப்பிடாம அப்பாவைக் கூப்பிட்டியா?' என்பதுதான் அதன் பொருளாக இருக்கும். வடிகட்டி அதை விழுங்கிவிட்டது.

அவள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனாள். சல்லடையின் கண்கள் சிவந்திருந்தன.

"ராத்திரியே ஒரு விதி போட்டுட்டேன், அக்கா" என்றான் பெருமையாக. "தவளையோட கத்தி, நெருப்பு, பாலம், அலை எது வந்தாலும் மறைச்சிடும்."

"நேத்து ஒண்ணும் தெரியாம எல்லாத்தையும் விட்டுச்சு. இன்னிக்கு ஒண்ணும் தெரியாம எல்லாத்தையும் பிடிக்குது. முதல்ல பிடிச்சது அவங்க சித்தி பொண்ணை."

அவன் திரையைப் பார்த்தான். பெருமை இறங்கியது.

"மிரட்டறவங்க நாளைக்குத் தவளையை விட்டுட்டு ஆமையைப் போடுவாங்க. நீ ஆமைக்கும் ஒரு விதி போடுவே. அந்தக் குழந்தைங்க எல்லாம் அவங்களைத் தவளை மிஸ்னுதான் கூப்பிடுது. அதுங்க அம்மாக்கள்தான் மாட்டுவாங்க. விதியை எடுத்துடு."

"அப்போ என்னதான் பண்றது? ஒப்பிடுற இடத்தைச் சரியாத் திருத்தச் சில வாரம் ஆகும்."

"ஆகட்டும். அதுவரைக்கும் படம் மட்டும் இருக்கிற எதையும் பிரதின்னு மூடாதே. எங்ககிட்ட அனுப்பு. சுத்தி இருக்கிற பேச்சையும், புகார் குடுத்தவங்க எழுதின குறிப்பையும் சேர்த்து அனுப்பு."

பின்னால் வந்து நின்ற அண்ணா பெருமூச்சு விட்டார். "வரிசை மூணு மடங்கு ஆகும்மா."

"ஆகும்" என்றாள் நிதானம்.

"யாரு பார்க்கறது?"

"நாங்கதான். வேகமா ஒருத்தன் இருக்கான், மெதுவா ஒருத்தி இருக்கா. சமாளிக்கலாம்."

"என்னை எதுக்கு இழுக்கற?" என்று தன் இருக்கையிலிருந்தே கத்தினான் மின்னல். ஆனால் எழுந்துவந்து, எந்தெந்தப் புகார் அவன் பெயரில் மூடியிருக்கிறது என்று பார்க்கச் சல்லடையிடம் பட்டியல் கேட்டான். அண்ணா யாருக்கோ தொலைபேசியில், எண்ணிக்கை சில வாரங்களுக்குக் குறையும், ஏன் என்று எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நிதானம் மேல்முறையீட்டுக்குத் திரும்பினாள். காரணம் எழுத ஒரு சிறு கட்டம் இருந்தது. 'எழுதியவர் சித்தி மகள். தவளை ராணி என்று பெயர் வைத்தவரே அவர்தான். கத்தி செல்லக் கோபம். இருக்கட்டும்.'

அனுப்பினாள். மறைந்திருந்த மூன்று படங்கள் பயிற்சியாளரின் சைக்கிளுக்குக் கீழே மீண்டும் தோன்றின. சிறிது நேரத்தில் அவற்றின் கீழே நாக்கை நீட்டிய ஒரு முகம் வந்தது. அதை ஒரு நொடி பார்த்துவிட்டு, அவள் அடுத்ததைத் திறந்தாள். ஒரு நாற்காலி, ஒரு ரோஜா, ஒரு பூட்டு. யார் எழுதியது, யாருக்கு என்று பார்க்கத் தொடங்கினாள்.